டிஸ்பென்சரிச் சுவரில் தொங்குவது யாருடைய பலகை?

தோட்டத்து டிஸ்பென்சரியைக் கூட்டித் துடைத்து, குப்பையைக் கட்டிக்கொண்டுபோய்க் கிடங்கில் போடுபவரும் ஒரு தொழிலாளிதான். மலையில் நிற்பவருக்கு அட்டை, குளவி, சறுக்கு என்றால், இவருக்கு ஊசி. ஆனால் குளவி கொட்டியதும் தோட்டமே கூடுகிறது. ஊசி குத்தினால் யாருக்கும் தெரிவதில்லை. குத்துப்பட்டவரே காலைச் சேலையில் துடைத்துவிட்டு வேலையைத் தொடர்கிறார்.

இதைப் பற்றிக் கேட்டால் நிர்வாகங்களிடமிருந்து இப்போது ஒரே பதில்தான் வருகிறது: "போர்டு போட்டிருக்கிறோம். நிறம் நிறமாக வாளியும் வைத்திருக்கிறோம். அவர்கள் பார்த்துச் செய்வதில்லை." இந்தப் பதிலை நாம் ஏற்கத் தயாரில்லை. பலகை தொங்குவது உண்மையாக இருக்கலாம். அந்தப் பலகை யாருக்காக எழுதப்பட்டது, அதில் உள்ள நிறம் எந்த நாட்டு நிறம், அது எந்த இடத்தில் தொங்குகிறது என்பதே எமது கேள்வி. பிழையான பலகை, பலகையே இல்லாததைவிட ஆபத்தானது. பலகை இல்லாதபோது தொழிலாளி பயந்து கையை வைப்பார். பலகை இருக்கும்போது அதை நம்பிக் கையை வைப்பார்.

நாம் பார்த்த ஒரு டிஸ்பென்சரியை எடுத்துக்கொள்வோம். தோட்டத்தின் பெயர் இங்கு வேண்டாம், இதே நிலைமை வேறு இடங்களிலும் இருக்கும். இரண்டு அறைகள், வெளியே ஒரு வாங்கு. உள்ளே சுவரில் இரண்டு பலகைகள். ஒன்று முழுக்க ஆங்கிலம், சிறு எழுத்து, கதவுக்குப் பின்னால். கதவைத் திறந்தால் அது மறைந்துவிடும். மற்றது தமிழ். படங்களுடன், பளபளப்பான தாளில் அச்சிட்டு ஒட்டியது. பார்ப்பதற்கு நல்ல பலகை. தமிழில் வேண்டும் என்று தொழிலாளர்கள் கேட்டதால் யாரோ தேடி எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். அதில் ஒரே ஒரு குறை. அது தமிழ்நாட்டு வைத்தியசாலைகளுக்காகச் செய்யப்பட்டது.

தமிழ் ஒன்றுதானே, அதில் என்ன என்று கேட்கலாம். மொழி ஒன்று, நிறம் வேறு. இந்தியாவில் 2016 ஆம் ஆண்டு விதிகளின்படி சிவப்பு என்பது இரத்தம் பட்ட பிளாஸ்டிக்குக்கு: சேலைன் குழாய், கையுறை, ஊசி நீக்கிய சிரிஞ்சு. வெள்ளை என்பது ஊசிக்கு. நீலம் என்பது மருந்துக் குப்பி போன்ற கண்ணாடிக்கு. மஞ்சள் என்பது இரத்தத் துணி, பஞ்சு முதலியவற்றுக்கு. இலங்கையில் சுகாதார அமைச்சு பின்பற்றச் சொல்லும் நிறம் இதுவல்ல. இங்கே மஞ்சள் தொற்றுக் கழிவுக்கு. மஞ்சளில் சிவப்புக் கோடு போட்டது ஊசிக்கும் கூரான பொருட்களுக்கும். கறுப்பு பொதுக் குப்பைக்கு. பச்சை உக்கும் குப்பைக்கு. சிவப்பு தொற்றில்லாத கண்ணாடிக்கு. நீலம் காகிதத்துக்கு. செம்மஞ்சள் தொற்றில்லாத பிளாஸ்டிக்குக்கு.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மஞ்சள் மட்டும்தான் ஓரளவு ஒத்துப்போகிறது. சிவப்பும் நீலமும் முற்றாக வேறு. அந்த டிஸ்பென்சரியில் வாளிகள் இலங்கை நிறத்தில் வாங்கப்பட்டவை. பலகை இந்திய நிறத்தில் அச்சானது. இரண்டும் ஒரே சுவரோரம்.

இதனால் என்ன நடக்கும் என்பதை ஒரே ஒரு நோயாளியை வைத்துப் பார்ப்போம். கவ்வாத்து மலையில் கத்தி வழுக்கி ஒருவருக்குக் காலில் வெட்டு. டிஸ்பென்சரியில் காயத்தைக் கழுவி, மருந்து வைத்துக் கட்டி, ஏற்பு வராதிருக்க ஒரு ஊசியும் போடுகிறார்கள். அவர் நொண்டிக்கொண்டு வெளியே போனபின் மேசையில் ஆறு பொருட்கள் கிடக்கின்றன: இரத்தம் தோய்ந்த பஞ்சும் துணியும், இரத்தம் பட்ட ஒரு சோடிக் கையுறை, ஊசியோடு சிரிஞ்சு, கழுத்து உடைத்த மருந்துக் குப்பி, துணிக்கட்டு சுற்றி வந்த சுத்தமான காகித உறை, காத்திருந்தபோது அவரது பிள்ளை சாப்பிட்ட வாழைப்பழத் தோல்.

இலங்கை முறைப்படி இரத்தத் துணியும் கையுறையும் மஞ்சளுக்குப் போக வேண்டும். ஊசியும் சிரிஞ்சும் பிரிக்காமல் அப்படியே சிவப்புக் கோடு போட்ட மஞ்சள் பெட்டிக்குப் போக வேண்டும். உடைந்த குப்பியும் கூரானதே. ஆகவே அதுவும் அந்தப் பெட்டிக்குத்தான். காகித உறை நீலத்துக்கு, நீல வாளி இல்லாத இடத்தில் கறுப்புக்கு. பழத்தோல் பச்சைக்கு.

இப்போது சுவரில் உள்ள தமிழ்ப் பலகையை நம்பிச் செய்தால், இரத்தக் கையுறை சிவப்பு வாளிக்குப் போகிறது. சிரிஞ்சும் சிவப்புக்கே போகிறது, ஆனால் முதலில் ஊசியை நீக்கச் சொல்கிறது பலகை. அங்கே ஊசியை வெட்டும் கருவி இருக்கும். இங்கே அந்தக் கருவி இல்லை, ஆகவே கையால் கழற்றுகிறார்கள், அல்லது வளைத்து முறிக்கிறார்கள். கழற்றிய ஊசியைப் போட வெள்ளைப் பெட்டியைத் தேடினால், அப்படி ஒன்றே இல்லை. உடைந்த குப்பி நீல வாளிக்குப் போகிறது.

இந்தியாவில் அந்தச் சிவப்புப் பை கிருமி நீக்கும் இயந்திரத்துக்குப் போகும். பிறகுதான் பிளாஸ்டிக் அரைக்கப்படும். இங்கே சிவப்பு வாளி போகும் வழி வேறு. அதில் இருப்பது வெறும் போத்தல் என்று நம்பி, போத்தல் வாங்குபவர் வெறுங்கையால் அள்ளுவார். நீல வாளியில் காகிதம் என்று நம்பி ஒருவர் காலால் மிதித்து அமுக்குவார். பலகையில் இருக்கும் ஒரு பிழை, அந்தப் பலகையைக் கண்ணாலும் காணாத ஒருவரின் கையிலும் காலிலும் போய் முடிகிறது.

அந்த டிஸ்பென்சரியில் அது வெளியாள் வரைகூடப் போகவில்லை. வெள்ளைப் பெட்டி இல்லாததால் கழற்றிய ஊசிகள் ஒரு சேலைன் போத்தலில் சேர்ந்தன. போத்தல் நிறைந்த ஒரு நாள், சில ஊசிகள் கறுப்புப் பையில் விழுந்திருக்கின்றன. அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிய தொழிலாளியின் கெண்டைக்காலில் பை உரசியது. எறும்பு கடித்ததுபோல இருந்ததாம். கீழே போய்ப் பார்த்தபோது இரத்தப் பொட்டு.

"ஐயா, ஊசி ஏதோ குத்திட்டுது" என்று வந்து சொன்னவருக்குக் கிடைத்தது கொஞ்சம் ஸ்பிரிட்டும் ஒரு துண்டுப் பஞ்சும். "இனிமே பார்த்துத் தூக்கம்மா" என்ற புத்திமதியும். விபத்துப் புத்தகத்தில் ஒரு வரியும் இல்லை. இரத்தப் பரிசோதனை இல்லை. அடுத்த வாரம் எமது தலைவர் போய்க் கேட்டபோதுதான் முன்னே சொன்ன அந்தப் பதில் வந்தது: "போர்டு போட்டிருக்கிறோம்."

ஒரு ஊசிக்குத்து எவ்வளவு பாரதூரமானது என்பதையும் சொல்லியாக வேண்டும், பயமுறுத்துவதற்காக அல்ல. அந்த ஊசி போடப்பட்ட நோயாளிக்குக் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி இருந்து, குத்துப்பட்டவர் தடுப்பூசி போடாதவராகவும் இருந்தால், அப்படிக் குத்துப்படும் 100 பேரில் 30 பேர் வரைக்கும் அது தொற்றக்கூடும். ஹெபடைடிஸ் சி என்றால் 100 பேரில் 2 அல்லது 3 பேர். எச்.ஐ.வி. என்றால் 1000 பேரில் 3 பேர். நோயாளிக்கு எதுவும் இல்லாமலும் இருக்கலாம். ஆனால் கறுப்புப் பையிலிருந்து குத்திய ஊசி யாருக்குப் போட்டது என்று எவரும் சொல்ல முடியாது. அதுதான் சிக்கல்.

இதில் முதலாவது நோய்க்குத் தடுப்பூசி இருக்கிறது, மூன்று தரம் போட வேண்டும். எமது நாட்டில் குழந்தைகளுக்கு அதைப் போடத் தொடங்கியது 2003 இல்தான். இன்று டிஸ்பென்சரியைக் கூட்டும் நாற்பது, ஐம்பது வயதுப் பெண்ணுக்குச் சிறுவயதில் அது கிடைத்திருக்காது. வேலைக்கு அமர்த்தும்போது போட்டால்தான் உண்டு. அந்தத் தொழிலாளிக்குப் போடப்படவில்லை.

நிர்வாகங்கள் சொல்லும் சாட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, "அவர்களுக்கு எழுத்துத் தெரியாது. எந்தப் போர்டு போட்டாலும் ஒன்றுதான்." எழுத்துத் தெரியாதவருக்குப் பலகை செய்ய முடியாது என்றால், படம் எதற்கு இருக்கிறது? ஊசியின் படத்தைக் கண்டு ஊசி என்று அறியாதவர் தோட்டத்தில் எவரும் இல்லை. வாளியின் மூடிக்கும் பைக்கும் பலகைக்கும் ஒரே நிறம் இருந்தால், அங்கே படிக்க வேண்டியது மிகக் குறைவு. நிறத்தை மட்டும் நம்பவும் கூடாது. மழை நாளில், மின்சாரம் இல்லாத அறையில், மஞ்சளும் செம்மஞ்சளும் ஒன்றுபோலத் தெரியும். நிறம் பிரித்துப் பார்க்க முடியாத கண் உள்ளவர்களும் நம்மில் இருக்கிறார்கள். அதனால்தான் நிறம், படம், இரண்டு மூன்று சொல் என்ற மூன்றும் சேர்ந்து இருக்க வேண்டும். ஒன்று தவறினால் மற்றது காப்பாற்றும்.

இரண்டாவது, "இதெல்லாம் பெரிய ஆஸ்பத்திரிக்கு. நமது டிஸ்பென்சரியில் ஒரு நாளைக்கு எத்தனை ஊசி?" குத்துவதற்கு ஒரு ஊசி போதும். பெரிய வைத்தியசாலையில் கழிவுக்கென்றே ஆட்கள் இருப்பார்கள், தாதி பார்ப்பார், மேற்பார்வையாளர் பார்ப்பார். இங்கே ஊசி போடுபவர் ஒருவர், அள்ளுபவர் ஒருவர். அவர்களுக்கு நடுவில் இருப்பது அந்தப் பலகை மட்டுமே. ஆகவே சின்ன டிஸ்பென்சரிக்குத்தான் சரியான பலகை கூடுதலாகத் தேவை.

மூன்றாவது, செலவு. வைத்திய நிலையத்திலிருந்து வரும் கழிவில் பெரும்பகுதி, ஏறக்குறைய 100 கிலோவில் 85 கிலோ, வீட்டுக் குப்பை போன்ற சாதாரணக் குப்பையே என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பிரித்துப் போட்டால் விசேடமாக அகற்ற வேண்டியது சிறு பங்குதான். பிரிக்காமல் கலந்துவிட்டால், ஒரு இரத்தத் துணி விழுந்த பை முழுவதும் தொற்றுக் கழிவாகிவிடும். எனவே பலகை போடுவது செலவைக் குறைக்கும் வேலை. கணக்குப் பார்க்கத் தெரிந்த கம்பனிக்கு இது விளங்காமல் இருக்க நியாயமில்லை.

குறை சொல்வதோடு நாம் நிற்கப்போவதில்லை. பலகையில் என்ன இருக்க வேண்டும் என்பதை இங்கே தருகிறோம். தலைவர்மார் இதை அப்படியே நிர்வாகத்திடம் கொடுக்கலாம். சின்ன டிஸ்பென்சரிக்கு ஏழு நிறமும் ஒரே நாளில் வேண்டியதில்லை. முதலில் நான்கு சரியாக இருந்தால் போதும்.

மஞ்சள் பலகை. படம்: இரத்தம் பட்ட பஞ்சு, கையுறை. சொல்: "இரத்தம், சீழ் பட்டவை. ஊசி போடாதே."

மஞ்சள் பலகை, நடுவில் தடித்த சிவப்புக் கோடு. படம்: ஊசியோடு சிரிஞ்சு, உடைந்த குப்பி, சவர அலகு. சொல்: "குத்துவது, வெட்டுவது. மூடி போடாதே. கழற்றாதே. கோடு வரை மட்டும்."

கறுப்புப் பலகை, வெள்ளை எழுத்து. படம்: பிஸ்கட் உறை, தூசி. சொல்: "சாதாரணக் குப்பை. இரத்தமும் ஊசியும் கூடாது."

பச்சைப் பலகை. படம்: பழத்தோல், சோறு. சொல்: "சாப்பாட்டு மிச்சம், இலை."

தமிழ் மேலே, சிங்களம் கீழே. இரண்டும் அரச கரும மொழிகள்தான். வந்து பார்க்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் விளங்க வேண்டும், அள்ளும் தொழிலாளிக்கும் விளங்க வேண்டும். படம் எழுத்தைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். ஒரு வாளிக்கு ஒரு பலகை, அந்த வாளிக்கு நேர் மேலே, நிற்பவரின் கண் உயரத்தில். எல்லா நிறத்தையும் ஒரே தாளில் போட்டு வாசலில் ஒட்டுவது பயன்படாது. கையில் இரத்தப் பஞ்சை வைத்துக்கொண்டு யாரும் வாசலுக்குப் போய்ப் படித்துவிட்டு வரமாட்டார்கள்.

ஊசிப் பெட்டியின் இடம் தனியாகச் சொல்லப்பட வேண்டியது. அது ஊசி போடும் இடத்திலிருந்து கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். பெட்டி அறையின் மறு மூலையில் இருந்தால், அங்கே நடப்பதற்கு முன் ஊசிக்கு மூடி போடத்தான் கை போகும். மூடி போடும்போதுதான் மற்றக் கையில் குத்தும். பெட்டி ஊசி துளைக்காத தடித்ததாக இருக்க வேண்டும். பையோ மெல்லிய போத்தலோ அதற்கு உதவாது. நாலில் மூன்று பங்கு உயரத்தில் ஒரு கோடு போட வேண்டும். கோட்டைத் தொட்டால் மூடிவிட வேண்டும். விளிம்புவரை நிறைந்த பெட்டிக்குள் இன்னொரு ஊசியைத் திணிக்கும்போது, உள்ளே இருப்பது விரலைக் குத்தும்.

பலகைக்கு அடுத்ததாக வேலை செய்பவர்களுக்கான சிறு அறிவுறுத்தல். பத்துப் பக்கப் புத்தகம் வேண்டாம். மூன்று அட்டை போதும்.

முதல் அட்டை ஊசி போடுபவருக்கு. "போட்டவரே போட வேண்டும்: ஊசியை நீரே பெட்டியில் போடும். மேசையில் வைக்காதீர். மூடி, வளைப்பு, முறிப்பு வேண்டாம். கோடு வந்தால் பெட்டியை மூடிப் புதியது வையும்."

இரண்டாவது அட்டை அள்ளுபவருக்கு. "தடித்த கையுறை, மூடிய சப்பாத்து இல்லாமல் தொடாதீர்கள். பை முக்கால்வாசி நிறைந்ததும் கட்டுங்கள். கையால் அமுக்காதீர்கள். கழுத்தில் பிடித்து, உடம்பில் படாமல் தூக்குங்கள். பிழையாக விழுந்ததை உள்ளே கைவிட்டு எடுக்காதீர்கள்."

இந்தக் கடைசி வரி முக்கியம். கறுப்புப் பையில் ஒரு இரத்தத் துணி விழுந்துவிட்டால், அதைப் பொறுக்கி மஞ்சளில் போடச் சொல்வது வழக்கமாகிவிட்டது. அது கூடாது. அந்தப் பை முழுவதையும் மஞ்சள் பையாகக் கணித்து அனுப்ப வேண்டும். ஊசி விழுந்திருப்பது தெரிந்தால், பையைத் தூக்காமல் அப்படியே விட்டு டிஸ்பென்சரிப் பொறுப்பாளரைக் கூப்பிட வேண்டும். பிழையைத் திருத்துகிறேன் என்று பைக்குள் போகும் கைதான் அதிகம் குத்துப்படும் கை.

மூன்றாவது அட்டை குத்துப்பட்டவருக்கு. "ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். பிதுக்காதீர்கள், உறிஞ்சாதீர்கள். உடனே சொல்லுங்கள். புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். அன்றைக்கே பெரிய வைத்தியசாலைக்குப் போங்கள்."

'அன்றைக்கே' என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எச்.ஐ.வி. தொற்றாதிருக்கக் கொடுக்கும் மருந்தை 72 மணித்தியாலங்களுக்குள் தொடங்க வேண்டும். முதல் சில மணித்தியாலங்களில் தொடங்குவதே நல்லது. சனிக்கிழமை குத்தி, ஞாயிறு லீவு, திங்கள் வேலைக்கு நின்று, செவ்வாய் பார்ப்போம் என்றால் காலம் போய்விடும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசியும் இயன்றவரை உடனே போட வேண்டியது. வைத்தியசாலைக்குப் போகும் வாகனமும் அன்றைய சம்பளமும் தோட்டத்தின் பொறுப்பு.

அன்றைக்கே இரத்தம் எடுப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆறு மாதம் கழித்து நோய் தெரியவந்தால், "இது முன்பே உனக்கு இருந்தது" என்று சொல்லிவிடுவார்கள். குத்துப்பட்ட நாளில் இரத்தம் சுத்தமாக இருந்தது என்ற பத்திரம் கையில் இருந்தால், அந்தப் பேச்சு எடுபடாது. விபத்துப் புத்தகத்தில் நாளும் நேரமும் எழுதப்பட்டிருக்க வேண்டியதும் அதற்காகவே. தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டத்தில் கேட்கப்போனால் வேலை செய்யும்போது ஏற்பட்ட விபத்து என்று காட்ட வேண்டும். எழுத்தில் இல்லாத விபத்தை எப்படிக் காட்டுவது?

பலகையால் முடியாத காரியங்களும் உண்டு. மஞ்சள் பை தீர்ந்து, கடையில் வாங்கிய கறுப்புப் பையை மஞ்சள் வாளியில் போட்டுவிட்டால், பலகை அந்த அறையில் மட்டும்தான் உண்மை. வாளியை விட்டு வெளியே வந்ததும் அந்தப் பை சாதாரணக் குப்பைதான். பை தீரும் முன் வாங்கிவைப்பது நிர்வாகத்தின் வேலை. அதேபோல, பிரித்த கழிவு கடைசியில் எங்கே போகிறது என்பதும் பலகையில் இல்லை. நான்கு நிறத்தில் பிரித்து, நான்கையும் ஒரே கிடங்கில் கொட்டி மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினால், பிரித்த தொழிலாளியின் உழைப்பு வீண். திறந்த நெருப்பில் ஊசி எரிவதில்லை. பிளாஸ்டிக் எரிந்து போனபின் சாம்பலுக்குள் முனை அப்படியே கிடக்கும், மழைக்கு மண் கரைந்ததும் மேலே வரும். லயத்துப் பிள்ளைகள் விளையாடும் இடம் அதற்கு எவ்வளவு தூரம்? சில வகைப் பிளாஸ்டிக்கின் புகையும் நஞ்சு.

இது நிர்வாகத்தின் விருப்பத்துக்கு விட்ட விடயமும் அல்ல. 1980 ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 2008 இல் வெளிவந்த ஒழுங்குவிதிகளில், வைத்தியக் கழிவு அட்டவணைப்படுத்தப்பட்ட ஆபத்தான கழிவுகளுள் சேர்க்கப்பட்டிருக்கிறது. அதைச் சேகரிக்கவும் கொண்டு செல்லவும் அகற்றவும் மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அனுமதிப்பத்திரம் வேண்டும். "உங்கள் மஞ்சள் பையும் ஊசிப் பெட்டியும் எங்கே போகின்றன? கொண்டு போகும் ஏற்பாட்டுக்குப் பத்திரம் எங்கே?" என்று கேட்பதற்குத் தலைவர்மாருக்கு உரிமை உண்டு. அருகிலுள்ள அரச வைத்தியசாலையுடன் எழுத்தில் ஒரு ஏற்பாடு செய்து, மூடிய பெட்டிகளை அங்கே ஒப்படைப்பது சின்ன டிஸ்பென்சரி யோசிக்கக்கூடிய வழி. அதற்கு மனம் வேண்டும், ஒரு வாகனமும் வேண்டும். கொழுந்து ஏற்ற நாள்தோறும் லொறி ஓடும் தோட்டத்தில் வாகனம் இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் கொழுந்து ஏற்றும் லொறியில் இதை ஏற்றக் கூடாது என்பதையும் சொல்லிவைக்கிறோம்.

உங்கள் தோட்டத்துப் பலகை நல்லதா இல்லையா என்று அறிய ஒரு எளிய சோதனை இருக்கிறது. பாவிக்காத புதிய பொருட்கள் ஐந்தை எடுங்கள்: ஊசியில்லாத புதுச் சிரிஞ்சு, சிவப்பு மை தொட்ட பஞ்சு, புதிய கையுறையில் அதே மை ஒரு துளி, ஒரு காகித உறை, ஒரு பழத்தோல். சிரிஞ்சில் ஊசி இருப்பதாக நினைக்கச் சொல்லுங்கள். டிஸ்பென்சரியைக் கூட்டும் தொழிலாளியிடம் ஒவ்வொன்றாகக் கொடுத்து, "இதை எங்கே போடுவீங்க?" என்று கேளுங்கள். சொல்லிக்கொடுக்காதீர்கள், திருத்தாதீர்கள். அவர் பலகையைப் பார்த்துப் போடட்டும். பிறகு அதே சோதனையை டிஸ்பென்சரிப் பொறுப்பாளரிடமும் செய்யுங்கள். இருவரும் ஐந்தையும் ஒரே இடத்தில், சரியான இடத்தில் போட்டால், பலகை நல்லது. ஒன்று பிசகினாலும் பலகையைத்தான் மாற்ற வேண்டும். அந்தத் தொழிலாளியைத் திட்ட எவருக்கும் இடம் கொடுக்காதீர்கள்.

ஆகவே நாம் கேட்பது ஐந்து. இலங்கை நிறத்தில், தமிழிலும் சிங்களத்திலும் படத்துடன், வாளிக்கு ஒரு பலகை. வேறு நாட்டுப் பலகைகளை உடனே கழற்றுவது. கை எட்டும் தூரத்தில் துளைக்காத ஊசிப் பெட்டி, தீராத மஞ்சள் பை. அள்ளும் தொழிலாளிக்குத் தடித்த கையுறை, சப்பாத்து, மூன்று தடுப்பூசி, அத்தனையும் தோட்டத்தின் செலவில். குத்துப்பட்டால் புத்தகத்தில் பதிவும் அன்றைக்கே வைத்தியசாலையும்.

அடுத்த மாதத் தோட்டக் கமிட்டிக் கூட்டத்துக்கு முன் அந்த ஐந்து பொருள் சோதனையைச் செய்து, எந்தப் பொருள் எந்த வாளிக்குப் போனது என்று ஒரு தாளில் எழுதி, கையெழுத்து வைத்துத் தலைவரிடம் கொடுங்கள். "போர்டு போட்டிருக்கிறோம்" என்று மறுபடி சொல்லும்போது, அந்தத் தாளை மேசையில் வைப்போம்.